அறுபது வயதில் இன்னும் எத்தனை வருஷம்? நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தி.நகர் நடேசன் பூங்காவில் காலை நடை முடித்து உட்காரும் பெரியவர்களிடம் ஓய்வுக்காலப் பணத்தைப் பற்றிக் கேட்டால், "இந்தியாவில் சராசரி ஆயுள் எழுபது, எனக்கு அறுபது ஆச்சு, இன்னும் பத்து வருஷம்தானே சார்" என்று சொல்பவர் ஒருவராவது இருப்பார். கழித்தல் சரிதான், எடுத்துக்கொண்ட எண்தான் தப்பு. அந்த எழுபது என்பது பிறந்த குழந்தைக்கான கணக்கு. ஒரு வயதுக்குள் இறந்துபோகும் குழந்தைகள், இருபதில் பைக் விபத்தில் போகிறவர்கள் எல்லாரும் அந்தச் சராசரியைக் கீழே இழுக்கிறார்கள். அறுபதைத் தொட்டவர் அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டார். அதனால் அவருக்கு வேறு கணக்கு.

அந்தக் கணக்குக்குப் பெயர் ஆயுள் அட்டவணை. ஒரு ஸ்பிரெட்ஷீட்டைத் திறந்து, மூன்று நெடுவரிசை போதும்: A-யில் வயது, B-யில் அந்த வயதுக்காரர் ஒரு வருஷத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, C-யில் உயிரோடு இருப்பவர்கள். இரண்டாவது வரிசையில் 60, 0.01, 1000 என்று போடுங்கள், அதாவது அறுபது வயதுக்காரர் ஆயிரம் பேர், நூற்றுக்கு ஒருவர் அந்த வருஷம் இறக்கிறார். இது நான் உதாரணத்துக்கு வைத்த முழு எண், எந்த அட்டவணையிலிருந்தும் எடுத்ததல்ல. பெரியவர்களுக்கு இறப்பு வாய்ப்பு வருஷத்துக்குச் சுமார் பத்து சதவீதம் ஏறும், ஏழெட்டு வருஷத்தில் இரட்டிப்பாகும்; ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் 1825-லேயே கவனித்த ஒழுங்கு இது. அடுத்த வரிசையில்:

```
A3: =A2+1
B3: =MIN(1,B2*1.1)
C3: =C2*(1-B2)
```

இந்த மூன்றையும் 62-ஆம் வரிசை வரை, அதாவது வயது 120 வரை இழுத்துவிடுங்கள். C3-யில் B3-ஐப் போட்டுவிடாதீர்கள். 61-ல் எத்தனை பேர் மிச்சம் என்பதை 60-ன் இறப்பு வாய்ப்புதான் தீர்மானிக்கிறது. சரியாகப் போட்டிருந்தால் C3-யில் 990 வரும்.

அப்புறம் ஒரு காலி செல்லில்:

```
=SUM(C3:C62)/C2+0.5
```

விடை ஏறக்குறைய 20.9 வரும். ஒவ்வொரு பிறந்தநாளிலும் எத்தனை பேர் மிச்சம் என்று கூட்டி, தொடங்கிய ஆயிரத்தால் வகுத்திருக்கிறோம். அந்த 0.5 எதற்கு என்றால், எல்லாரும் பிறந்தநாளன்றே இறப்பதில்லை, கடைசி வருஷத்தில் சராசரியாகப் பாதி வாழ்கிறார்கள். C நெடுவரிசையின் கடைசி எண் பூஜ்ஜியத்தைத் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். 85 வயதிலேயே இழுப்பதை நிறுத்திவிட்டு அதுவரை மட்டும் கூட்டினால் விடை 19.0 என்றுதான் வரும், மீதி ஆயுள் காணாமல் போயிருக்கும்.

சரி, அப்படியானால் 81 வயது வரைக்கும் பணம் சேர்த்தால் போதுமா? போதாது, இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 20.9 என்பது சராசரி. C நெடுவரிசையில் 81-க்கு நேராகப் பாருங்கள், ஆயிரத்தில் 520 பேர் இன்னும் இருக்கிறார்கள். 90-க்கு நேராக 179 பேர். கணவன் மனைவி இருவரும் அறுபது, இருவருக்கும் இதே அட்டவணை, ஒருவர் ஆயுள் மற்றவரைச் சாராது என்று வைத்துக்கொண்டால், இருவரில் ஒருவராவது 90-ல் இருக்கும் வாய்ப்பு 1-(1-0.179)^2, அதாவது ஏறக்குறைய 0.33. மூன்று ஜோடிகளில் ஒரு ஜோடி! அதனால்தான் விவரமான திட்டமிடுபவர்கள் சராசரியை விட்டுவிட்டு 90, 95 என்று வைத்துப் போடுகிறார்கள்.

கணக்கை ஒருமுறை போட்டு மூடி வைக்கவும் முடியாது. எழுபது வயதுக்கு =SUM(C13:C62)/C12+0.5 என்று போட்டால் 13.5 வருகிறது, மொத்தம் 83.5. அறுபதில் 81 என்றது, பத்து வருஷம் தாண்டியதும் நகர்ந்துவிட்டது.

காப்பீட்டு நிறுவனங்கள் B நெடுவரிசையை ஊகிப்பதில்லை. டேர்ம் பாலிசிக்கு இங்கே அடிப்படையாக இருப்பது பாலிசிதாரர்களின் உண்மையான இறப்புகளை வைத்துச் செய்த 2012-14 அட்டவணை. ஓய்வூதியமாக மாதாமாதம் பணம் தரும் ஆன்யூட்டிக்கு வேறு அட்டவணை. டேர்மில் ஆள் சீக்கிரம் போனால் நிறுவனத்துக்கு நஷ்டம், ஆன்யூட்டியில் ஆள் நீண்ட நாள் இருந்தால் நஷ்டம். தவிர, நெடுநாள் இருப்போம் என்று நம்புகிறவர்தான் ஆன்யூட்டி வாங்குகிறார். உங்களுக்கு ஆன்யூட்டி குறைவாகத் தருவதாகத் தோன்றினால், அதற்கு ஒரு காரணம் இது.

கடைசியாக B2-வை 0.02 ஆக மாற்றிப் பாருங்கள். புகைபிடிப்பவர், கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர் என்று நிறுவனம் இறப்பு வாய்ப்பை இரட்டிப்பாக வைத்துப் பிரீமியம் போடும்போது நடப்பது இதுதான். ஆயுள் பாதியாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் விடை 15-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும், ஐந்தரை வருஷம்தான் குறைகிறது. இறப்பு வாய்ப்பு இரட்டிப்பாவது ஏழு வருஷம் மூத்தவரின் வரிசைக்குப் போய் உட்காருவதற்குச் சமம், அவ்வளவுதான். "ரிஸ்க் டபுள்" என்று சொல்லி ஏஜென்ட் பயமுறுத்தினால் இந்த ஷீட்டைத் திறந்து காட்டலாம்.