தாடி முடிக்கு லேசர்: திருநங்கைகள் ஏமாறும் இடங்கள்

என் தோழி ஒருத்தி முதல் லேசர் முடிந்த ஐந்தாம் நாள் என்னைப் பார்க்க வந்தாள். துப்பட்டாவை விலக்கியதும் தாடையோரம் முழுக்க ஒரே அளவில் கரும்பழுப்பு வட்டங்கள், அச்சு வைத்துக் குத்தியது போல் வரிசையாக இருந்தன. கருவியின் முனை தோலைத் தொட்ட ஒவ்வொரு இடமும் சுட்டிருந்தது. "தோல் பழகிடும்னு சொன்னாங்க" என்றாள். தோல் இதற்குப் பழகாது. அவளுடைய மாநிறத் தோலுக்கு ஏற்ற கருவியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அதுதான் நடந்தது.

லேசர் தேடிப் போவது மெலனினை, அதாவது முடிக்குக் கறுப்பைத் தரும் நிறமியை. முடியின் மெலனின் ஒளியை வாங்கிச் சூடாகி வேரைச் சுடுகிறது. ஆனால் கறுத்த தோலிலும் அதே மெலனின் நிறைய இருக்கிறது. தவறான அலைநீளம் போனால் வேருக்கு முன்னால் மேல்தோல் வெந்துவிடும். 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசர் வெளிர் தோலில் நன்றாக வேலை செய்யும், கறுத்த தோலில் ஆபத்து அதிகம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் மேல்தோல் மெலனினை அவ்வளவாகத் தொடாமல் ஆழத்துக்குப் போவதால், மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அதுவே பாதுகாப்பானது. 800 முதல் 810 வரையிலான டையோடு லேசரை, நல்ல குளிர்விப்போடும் நீண்ட ஒளித் துடிப்போடும், பயிற்சி உள்ளவர் கையாண்டால் பயன்படுத்தலாம். ஐபிஎல் என்று விற்பது லேசரே இல்லை. அது பல அலைநீளங்கள் கலந்த ஒளி, கறுத்த தோலில் அதைத் தவிர்ப்பது நல்லது.

அதனால் போகும் இடத்தில் முதல் கேள்வி விலையாக இருக்க வேண்டாம். "எந்த லேசர், என்ன அலைநீளம், என் மாதிரி தோலில் செய்திருக்கிறீர்களா, கருவியை இயக்கப்போவது யார், கொப்பளம் வந்தால் எந்தத் தோல் மருத்துவர் பார்ப்பார்?" என்று கேளுங்கள். "எல்லாத் தோலுக்கும் ஒரே மெஷின்தான்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். நல்ல இடத்தில் காதுக்குக் கீழே சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்து, சில நாளாவது பொறுக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் என்ன அளவில் வைத்தோம் என்பதை அட்டையில் எழுதுவார்கள். அந்த அட்டையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இடம் மாறினால் அதுதான் கைகொடுக்கும்.

சரியாகப் பட்டிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஒவ்வொரு முடித் துளையைச் சுற்றியும் சிறு சிவப்பும் லேசான வீக்கமும் வந்து சில மணி நேரத்தில் அடங்கும், ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் முடி கறுப்புப் புள்ளிகளாக மேலே வந்து உதிரும். கறுத்த தோலில் சிவப்பு மங்கலாகத் தெரியும், வீக்கத்தை விரலால் தடவினால் புரியும். மாறாக, சாம்பல் நிறமோ வெண்மையோ கொப்பளமோ தெரிந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வலிக்காமல் இருக்க முகம் கழுத்து மார்பு என்று எல்லா இடத்திலும் மரப்புக் களிம்பைப் பூசி பிளாஸ்டிக் சுற்றிக்கொள்வது வேறொரு தவறு. அந்தக் களிம்பில் உள்ள மரப்பு மருந்தான லிடோகெய்ன் அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறினால் வலிப்பும் இதயக் கோளாறும் வரும், இறந்தவர்களும் உண்டு.

பிடுங்கும் பழக்கம் பலரையும் விடுவதில்லை, எனக்கும் புரிகிறது. கண்ணாடியில் ஒரு முடி தெரிந்தால் கை சும்மா இருக்காது. ஆனால் நூல், மெழுகு, பிளக்கர் எதுவாக இருந்தாலும் வேரோடு எடுத்துவிட்டால் லேசர் சூடாக்குவதற்கு அங்கே ஒன்றுமே இருக்காது. நான்கு வாரத்துக்கு முன்பிருந்தே பிடுங்குவதை விட்டுவிட்டு, போவதற்கு முதல் நாள் ஷேவ் மட்டும் செய்யுங்கள். வெயிலில் கறுத்திருந்தால் தள்ளிப்போடுங்கள். கன்னத்தில் இருக்கும் பூனை முடிக்கு லேசர் வேண்டவே வேண்டாம். மெல்லிய முடியில் போதாத சூடு பட்டால் அது தடித்து வளர்வது உண்டு.

செலவுக் கணக்கில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். ஆறு முறை கொண்ட பேக்கேஜை விற்பார்கள். ஒரு நேரத்தில் வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும் முடி மட்டுமே லேசருக்குச் சாகும், மற்றவை தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் முகத்துக்கு நான்கிலிருந்து ஆறு வார இடைவெளி. ஆணின் தாடி அடர்த்தியானது, ஆறில் முடிவது அபூர்வம். ஹார்மோன் ஆரம்பித்தால் தாடி போய்விடும் என்று காத்திருப்பதும் வீண். உடம்பு முடி மெலியும், தாடி முடி வளர்வது மெதுவாகும், ஆனால் ஊன்றிய வேர் போகாது.

என் தோழியின் கணக்கைப் பாருங்கள். தழும்பு மங்கச் சில மாதங்கள் ஆனது, பிறகு வேறொரு இடத்தில் என்டி-யாக் தொடங்கினாள். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, பத்து முறை, கிட்டத்தட்ட ஒரு வருடம். அடுத்த வருடம் திரும்ப முளைத்ததற்கு இன்னும் இரண்டு. ஒரு முறைக்கான கட்டணத்தை ஒரு பங்கு என்று வைத்தால் பன்னிரண்டு பங்கு. அவளுக்கு மீசையிலும் முகவாயிலும் நரை உண்டு. நரை முடியில் மெலனின் இல்லை, எத்தனை லேசர் போட்டாலும் அசையாது. அதை எலக்ட்ரோலிசிஸ்தான் எடுக்கும்: மெல்லிய ஊசியைத் துளைக்குள் விட்டு, ஒவ்வொரு வேராக மின்சாரத்தால் அழிப்பது. அவளுக்கு முப்பது மணி நேரம் பிடித்தது. அவள் போன இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு அரைப் பங்கு, ஆக பதினைந்து பங்கு. ஆறு பங்கு என்று நினைத்தது இருபத்தேழில் வந்து நின்றது. தாடி முழுவதையும் எலக்ட்ரோலிசிஸில் எடுப்பவர்களுக்கு நூறு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். அதனால் மொத்தமாக முன்பணம் கட்டாமல், ஒரு முறைக்கோ மூன்று முறைக்கோ மட்டும் கட்டுங்கள். மூன்றாவது முறைக்கு அப்புறமும் முடி குறையவில்லை என்றால் கருவியிலோ அளவிலோ எதோ சரியில்லை.

இடுப்புக்கும் மார்புக்கும் யாரோ வீட்டில் வைத்துப் போடும் திரவ சிலிக்கான் ஊசியைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அது இருந்த இடத்தில் இருக்காது, வருடங்கள் கழித்துக் கட்டியாகும், ரத்தக்குழாயில் போனால் நுரையீரலை அடைத்துக் கொல்லும். முழுசாக வெளியே எடுக்கவும் முடியாது.

கீழே அறுவை செய்து யோனி அமைக்கத் திட்டமிடுபவர்கள் இன்னொன்றையும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். விதைப்பைத் தோலும் ஆண்குறித் தோலும் உள்ளே திரும்பிப் போவதால், அங்கே முடி மிஞ்சியிருந்தால் உள்ளுக்குள் வளரும், பிறகு எடுப்பது மிகக் கடினம். எந்தத் தோல் பயன்படும் என்பது மருத்துவருக்கு மருத்துவர் மாறும், அதனால் அவர் கையாலேயே எல்லையை வரைந்து காட்டச் சொல்லி, அந்தப் படத்தை முடி எடுப்பவரிடம் கொடுங்கள். இதற்கும் பல மாதம் ஆகும். கடைசி முறை முடிந்ததும் மூன்று மாதம் எதுவும் செய்யாமல் விட்டுப் பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் எதுவும் முளைக்கவில்லை என்றால் அறுவைக்கு நாள் குறிக்கலாம்.