ஆய்வுகூட அறிக்கைக்கு ஏன் இவ்வளவு உயர்ந்த ஏஐ விழுக்காடு? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் வேதியியல் படிக்கும் முதலாமாண்டு மாணவர்கள், தாங்களே எழுதிய ஆய்வுகூட அறிக்கைக்கு டர்னிட்டின் என்ற சரிபார்ப்புக் கருவி, ஏஐ எழுதியதாக உயர்ந்த விழுக்காடு காட்டிவிட்டதென்று கலங்கி வருவதைப் பார்க்கிறேன். அந்த எண்ணை, எழுதியவர் யார் என்பதற்கான சான்றாகக் கொள்வதே முதல் தவறு. அதை மாணவரும் செய்கிறார், விரிவுரையாளரும் செய்கிறார். அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது, வாக்கியங்கள் எவ்வளவு ஒரே சீராக ஓடுகின்றன என்பன போன்ற தடயங்களைக் கொண்டே இத்தகைய கருவிகள் மதிப்பிடுகின்றன. டர்னிட்டினே 20 விழுக்காட்டுக்குக் குறைந்த மதிப்பை நம்பகமானதாகக் கருதாமல், எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறியைக் காட்டுகிறது.

அமில-கார டைட்ரேஷன் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 25.0 மில்லிலிட்டர் அமிலம் பிப்பெட்டால் அளக்கப்பட்டுக் கூம்புக் குடுவையில் விடப்பட்டது, சில துளி ஃபீனால்ஃப்தலீன் சேர்க்கப்பட்டது, வெளிர் இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும்வரை பியூரெட்டிலிருந்து காரம் சேர்க்கப்பட்டது. வகுப்பிலுள்ள அனைவரும் ஒரே கையேட்டைப் பின்பற்றி, ஒரே செயப்பாட்டு வினையில் எழுதும்போது, ஊகிக்க முடியாத சொல் அங்கே எங்கிருந்து வரும்? வயது, முறைப்பாடு, முன்வரலாறு, பரிசோதனை என்ற வரிசையில் மருத்துவ மாணவர்கள் எழுதும் நோயாளிச் சுருக்கத்துக்கும் இதே கதிதான்.

விழுக்காட்டைக் குறைக்கச் செய்முறைப் பகுதியைச் சொல்மாற்றும் கருவியில் போடுவது இதைவிடப் பெரிய தவறு. செய்முறை ஊகிக்கத்தக்கதாக இருப்பது குறையன்று. இன்னொருவர் அதைப் பார்த்து அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டுமல்லவா? நிலைபெற்ற கலைச்சொல்லுக்குப் பதிலாக ஏதோ ஒரு சொல் வந்தால், அறிவியலும் கெடும், இல்லாத சந்தேகமும் எழும். செய்முறையை அப்படியே விட்டுவிடுங்கள்.

உங்கள் கவனம் போக வேண்டிய இடம் விவாதப் பகுதி. 'மனிதப் பிழையும் பார்வைக்கோணப் பிழையும் முடிவைப் பாதித்திருக்கலாம்' என்ற வாக்கியம் எந்தச் சோதனைக்கும் பொருந்தும். ஆகவே எதையும் சொல்வதில்லை. உங்கள் அளவீடுகள் 24.60, 23.70, 23.60 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை குழாயை வேகமாகத் திறந்ததால் நிறம் அடர்ந்துவிட்டது, அதனால் அதை விலக்கிவிட்டுப் பின்னிரண்டின் சராசரியான 23.65ஐ எடுத்தோம் என்று எழுதுங்கள். குடுவையைத் திறந்தே வைத்திருந்தபோது நிறம் மெல்ல வெளிறியது என்றால், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்ததே காரணமாக இருக்கலாம் என்றும் சேருங்கள். இதனால் விழுக்காடு கட்டாயம் இறங்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேள்வி எழுந்தால், அந்த மேசையில் நின்றவர் மட்டுமே தரக்கூடிய விளக்கம் உங்களிடம் இருக்கும்.

கடைசியாக ஒன்று: அடித்தல் திருத்தலோடு இருக்கிறதென்று மூல அளவீட்டுத் தாளை எறிந்துவிடாதீர்கள். வரைவை கூகிள் டாக்ஸில் எழுதி, அதன் திருத்த வரலாற்றையும் விட்டுவையுங்கள். விரிவுரையாளர் அழைத்தால், விழுக்காட்டோடு வாதாடாமல் இவ்விரண்டையும் அவர் முன் வையுங்கள்.