சுற்று கூடியும் குண்டூசி கூடவில்லையா? பேட்டரியைப் பாருங்கள்

ஆணியில் செம்புக் கம்பியைச் சுற்றி, பேட்டரியில் இணைத்து, எத்தனை குண்டூசி ஒட்டுகிறது என்று எண்ணும் சோதனையைப் பிள்ளைகள் செய்வதைப் பல வருடங்களாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். போன வாரம் ஒரு பெண் தன் நோட்டை நீட்டினாள். 30 சுற்று வரை எண்ணிக்கை ஏறியிருந்தது, அதற்கு மேல் இறங்கியிருந்தது. கீழே "அதிகச் சுற்று போட்டால் காந்தம் பலவீனமாகும்" என்று முடிவுரை. கையெழுத்து மட்டும்தான் வேறு. இதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன்.

எனாமலைச் சுரண்டாமல் கம்பியை இணைப்பது, பித்தளைக் குண்டூசியை வைத்துக்கொண்டு ஏன் ஒட்டவில்லை என்று விழிப்பது, இதெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். தவறு நடந்ததே தெரியாமல், அழகான அட்டவணையோடு முடிகிற சோதனைதான் ஆபத்து.

பேட்டரி மாறாது என்று நம்புவது

என் பழைய சோதனையையே சொல்கிறேன். 6 மில்லிமீட்டர் இரும்பு போல்ட், 2 மீட்டர் 26 கேஜ் எனாமல் கம்பி, ஒரே ஒரு பெரிய டார்ச் பேட்டரி. 10 சுற்றில் தொடங்கினேன், 5 குண்டூசி. 20 சுற்றுக்கு 9, 30 சுற்றுக்கு 12. அடுத்தது 15, 16 வரும் என்று எதிர்பார்த்தால் 40 சுற்றிலும் 12தான். 50 சுற்றில் 10. இரும்பு இதற்கு மேல் காந்தமாகாது, நிறைவு நிலைக்கு வந்துவிட்டது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பெரிய வார்த்தை கிடைத்துவிட்டால் சந்தேகம் அடங்கிவிடுகிறது, அதுதான் கொடுமை.

மறுநாள் காலையில் அதே 50 சுற்றை, அதே பேட்டரியோடு இணைத்துப் பார்த்தேன். குண்டூசி கொத்தாகத் தொங்கியது. ராத்திரியில் இரும்பா மாறியிருக்கும்? ஓய்வு கிடைத்ததில் பேட்டரி கொஞ்சம் தேறியிருந்தது, அவ்வளவுதான்.

காந்தத்தின் வலு சுற்று எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல. சுற்றையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவதைப் பொறுத்தது. அந்த 2 மீட்டர் கம்பியின் மின்தடை சுமார் 0.2 ஓம்தான். பேட்டரியின் பார்வையில் அது கிட்டத்தட்ட நேரடிக் குறுக்கிணைப்பு. தொட்ட நொடியில் 3 ஆம்பியர் அளவுக்குப் பாயும், கம்பி சுடும், பேட்டரிக்குள் இருக்கும் தடை நிமிடத்துக்கு நிமிடம் கூடும். பிறகு ஒரு மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது தொடக்கத்தில் 3 ஆம்பியர் காட்டியது. 50 சுற்றுக்கு வரும்போது 1 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள். 10 சுற்றுக்கு 30 வருகிறது, 50 சுற்றுக்கு வெறும் 50. சுற்று ஐந்து மடங்கு ஆனது, காந்தத்துக்குக் கிடைத்ததோ இரண்டு மடங்குகூட இல்லை.

இரும்பு நிறைவு நிலைக்கு வந்திருக்கும் என்ற விளக்கமும் இங்கே நிற்காது. இரண்டு முனையும் திறந்து கிடக்கிற ஒரு சின்ன போல்ட்டை நிறைவு நிலைக்குக் கொண்டுபோக இந்தச் சுற்றும் இந்த மின்னோட்டமும் கொஞ்சமும் போதாது.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது, இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டியதில்லை என்பதுதான். கடைசிச் சுற்று முடிந்ததும் 10 சுற்றுக்குத் திரும்பி இன்னொரு முறை எண்ணியிருந்தால் போதும். முதலில் 5 தூக்கியது, இப்போது 2 தூக்கினால் உங்கள் அட்டவணை சுற்றை அளக்கவில்லை, பேட்டரி சாவதை அளந்திருக்கிறது. அந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாததால் எனக்கு ஒரு முழுச் சோதனையும் மூன்று பேட்டரியும் வீண்.

சரி, எப்படிச் செய்வது? இரண்டு பேட்டரியைத் தொடராக வைத்து, அவற்றோடு 2.2 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைத் தொடராகச் சேருங்கள். மின்னோட்டம் 1 ஆம்பியர் பக்கத்தில் நிற்கும். மொத்தத் தடையில் பெரும்பங்கு இப்போது மாறாத அந்த மின்தடையிடம் இருப்பதால், பேட்டரி கொஞ்சம் தளர்ந்தாலும் மின்னோட்டம் பெரிதாக விழாது. மின்தடை சூடாகும், விரலை வைக்காதீர்கள். ஸ்விட்சைப் போடுவது, குண்டூசிக் குவியலில் முனையை வைப்பது, தூக்குவது, எல்லாம் ஐந்தாறு நொடிக்குள் முடியட்டும். தொங்குகிற கொத்தைத் தட்டுக்கு மேலே பிடித்து ஸ்விட்சை அணையுங்கள். விழுந்ததை நிதானமாக எண்ணலாம்.

அப்படிச் செய்தபோது எனக்கு 20 சுற்றுக்கு 3, 30க்கு 5, 40க்கு 8, 50க்கு 10 வந்தது. திரும்பவும் 20க்கு வந்தால் அதே 3. மொத்த எண்ணிக்கை முன்பைவிடக் குறைவு என்று பிள்ளைகளுக்கு ஏமாற்றம். ஆனால் இந்தக் குறைந்த எண்களைத்தான் நம்பலாம்.

10 சுற்றை ஏன் விட்டேன் என்றால், அந்த மின்னோட்டத்தில் அது ஒரு குண்டூசியைத் தூக்கும், அல்லது தூக்காது. ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் எண்ண ஏதும் இல்லை.

ஒவ்வொரு சுற்று எண்ணிக்கைக்கும் புதுக் கம்பி வெட்டுவது

பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் கம்பியின் நீளம் மாறினால் மின்தடையும் மாறும், அதோடு மின்னோட்டமும். குட்டையான கம்பியில் அதிகம் பாய்ந்து, குறைந்த சுற்றுக்குச் சலுகை கிடைத்துவிடும். அதிகபட்சச் சுற்றுக்குத் தேவையான நீளத்தை முதலிலேயே எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்தில் தொங்க விடுங்கள். அந்த மிச்சத்தைச் சுருட்டி போல்ட்டுக்கு அருகில் வைக்க வேண்டாம், அதுவும் ஒரு சுருள்தான்.

அணைத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் குண்டூசி

கெட்டியான எஃகு ஆணியில் இது நடக்கும். மின்சாரம் போனாலும் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும். அடுத்த சுற்றின் கணக்கில் முந்தைய சுற்றின் மிச்சமும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் ஸ்விட்சைப் போடுவதற்கு முன், மின்சாரம் இல்லாமலே முனையைக் குவியலில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒட்டினால் ஆணியைத் தரையில் நாலு தட்டுத் தட்டுங்கள், அப்படியும் போகாவிட்டால் மெல்லிரும்பு போல்ட்டுக்கு மாறுங்கள். குண்டூசிகளும் எஃகுதான். பத்துப் பதினைந்து முறை தூக்கிய குண்டூசிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கினால் வேறு குண்டூசிகளை எடுங்கள்.

இரண்டாம் அடுக்கைத் திருப்பிச் சுற்றுவது

முனைக்கு வந்து திரும்பும்போது கை எதிர்த் திசையில் சுற்றினால், புதுச் சுற்று பழையதைக் கழித்துவிடும்.

ஒரே ஒரு முறை தூக்கி எழுதுவது

மூன்று முறையாவது தூக்குங்கள். 8, 11, 7 என்று வந்தால் 11ஐ மட்டும் எழுதாதீர்கள்.