ரெஃபரல் போனஸ்: நண்பர் வேலையில் சேர்ந்துவிட்டார், பணம் எப்போது வரும்?

நம் ஊர் ஐடி நிறுவனங்களில் ரெஃபரல் போனஸ் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. நண்பர் சேர்ந்த அன்றே பணம் வந்துவிடாது.

படி 1: ரெஃபரல் உங்கள் பெயரில் பதிவாக வேண்டும். அதிகம் பேர் பணத்தை இழப்பது இங்கேதான். நண்பர் ஏற்கெனவே நௌக்ரி வழியாகவோ கன்சல்டன்சி வழியாகவோ அதே நிறுவனத்துக்கு ரெஸ்யூமே அனுப்பியிருந்தால், அது அந்த வழியில் வந்ததாகவே கணக்காகும். பல நிறுவனங்களில் அந்தப் பதிவு சில மாதங்களுக்குச் செல்லுபடியாகும். அதனால், "இங்கே முன்பே அப்ளை செய்தாயா?" என்று கேட்டுவிட்டு, நிறுவனத்தின் போர்ட்டலில் நீங்களே பதிவு செய்யுங்கள். ஹெச்ஆருக்கு வாட்ஸ்அப்பில் ரெஸ்யூமே அனுப்பினால் போதாது. ரெஃபரல் எண் வந்ததும் அதைக் குறித்து வையுங்கள்.

படி 2: பாலிசியைப் படியுங்கள். மூன்று விஷயங்களைத் தேடினால் போதும். நண்பர் எத்தனை நாள் வேலையில் இருக்க வேண்டும் (90 நாள் என்பது பரவலான விதி, சில இடங்களில் 6 மாதம்)? பணம் வரும் தேதியில் நீங்களும் வேலையில் இருக்க வேண்டுமா? நீங்கள் நோட்டீஸ் பீரியடில் இருந்தால் கிடைக்குமா? பல இடங்களில் கிடைக்காது. வேறு வேலை தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

படி 3: தேதியைக் கணக்கிடுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். ஜனவரியில் ரெஃபர் செய்கிறீர்கள், பிப்ரவரி நடுவில் ஆஃபர் வருகிறது. நண்பருக்கு 60 நாள் நோட்டீஸ் என்பதால் ஏப்ரல் 20-இல்தான் சேர்கிறார். சேர்ந்த நாளையும் எண்ணினால் ஜூலை 18-இல் 90 நாள் முடியும். சரி, ஜூலைச் சம்பளத்தோடு வந்துவிடுமா? சம்பளப் பட்டியலை மாத நடுவிலேயே மூடிவிடும் நிறுவனங்கள் உண்டு. கடைசித் தேதி 15 என்றால் உங்கள் போனஸ் ஆகஸ்ட் சம்பளத்துக்குத் தள்ளிப்போகும். ஆக, ரெஃபர் செய்ததிலிருந்து ஏழெட்டு மாதம். அதை நம்பி இஎம்ஐ எதுவும் போட்டுவிடாதீர்கள்.

படி 4: வரியைக் கழித்துப் பாருங்கள். இது சம்பள வருமானம்தான், அதனால் டிடிஎஸ் உண்டு. போனஸ் 50,000 ரூபாய், நீங்கள் 30% வரி அடுக்கில் இருக்கிறீர்கள் என்றால், 4% செஸ்ஸோடு சேர்த்து 15,600 போய், 34,400 மிஞ்சும். சில நிறுவனங்கள் முழு வரியையும் அதே மாதத்தில் பிடித்துவிடும்.

படி 5: வரவில்லையா? முதலில் பேஸ்லிப்பில் போனஸ் தனி இனமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரெஃபரல் எண், நண்பரின் பணியாளர் எண், சேர்ந்த தேதி மூன்றையும் எழுதி ஹெச்ஆருக்கு டிக்கெட் போடுங்கள். உரிமை கோரக் கடைசி நாள் வைத்திருக்கும் நிறுவனங்களும் இருப்பதால், 90 நாள் முடிந்த வாரமே கேட்டுவிடுவது நல்லது.