கருத்துப் படிவத்தில் ஆசிரியருக்கு மார்க் போடச் சொல்லாதீர்கள்

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் போன வாரம் மாணவர் கருத்துப் படிவம் ஒன்றைத் தயாரித்து வந்து காட்டினார்கள். முதல் கேள்வி: "ஆசிரியர் நன்றாகப் பாடம் நடத்துகிறாரா? 1 முதல் 5 வரை." வேலைக்குச் சேர்ந்த வருடம் நான் எழுதியதும் இதே கேள்விதான்.

ஆளுக்கு மார்க் கேட்பது

எங்கள் துறையில் ஒருவர் பி.காம் மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுத்தார். சராசரி 3 வந்தது. "இன்னும் ஆர்வமாக நடத்துங்கள்" என்று கூட்டத்தில் சொன்னார்கள். மனுஷன் கதையெல்லாம் சொல்லிப் பார்த்தார். அடுத்த வருடமும் அதே 3. எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருப்பது இதுதான்: தாள்களை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 60 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் 4 போட்டிருந்தார்கள், மீதிப் பேர் 2. 3 போட்டவர் அரிதாகத்தான் இருந்தார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கிடந்ததைச் சராசரி மறைத்துவிட்டது.

அப்புறம் அடுத்த முறை கேள்வியை மாற்றினோம். "எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் பிடி விட்டுப் போனது? அப்போது வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது?" பின் பெஞ்சுக்காரர்கள் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தார்கள். திட்ட விலக்கம் நடத்தியது ஐப்பசியில், மதிய வகுப்பில், தகரக் கூரைக் கட்டிடத்தில். மழை பிடித்தால் அங்கே பின்னால் ஒன்றும் கேட்காது. அவரோ கணக்கின் இடைப்படிகளை வாயால் சொல்லிவிட்டு விடையை மட்டும் கரும்பலகையில் எழுதுவார். முன் பெஞ்சுக்குப் புரிந்தது, பின் பெஞ்சுக்கு விடை மட்டும் கிடைத்தது. சராசரியைக் கழித்து வரும் விலக்கங்கள், அவற்றின் வர்க்கம், அந்த வர்க்கங்களின் சராசரி, பிறகு வர்க்கமூலம் என்று ஒவ்வொரு படியையும் பலகையில் எழுத ஆரம்பித்தார். இரண்டு வருடமாக அவரிடம் ஆர்வம் கேட்டோம், தேவைப்பட்டது சாக்பீஸ்.

மாணவர் தான் பார்த்ததையும் கேட்டதையும் சரியாகச் சொல்வார். "ஆசிரியருக்குப் பாட அறிவு போதுமா" என்பதை அவரால் சொல்ல முடியாது. அதைச் சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

செமஸ்டர் முடிந்த பிறகு கேட்பது

எழுதிய பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். பத்து நிமிடம் போதும். எதை மாற்றப் போகிறீர்கள், எதை முடியாது என்று அடுத்த வகுப்பிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த முறை "நல்லா இருக்கு" என்று மட்டும்தான் எழுதித் தருவார்கள்.

ஒரே கேள்வியில் இரண்டு

"தெளிவாகவும் சரியான வேகத்திலும்..." பிரித்துக் கேளுங்கள்.

பெயர் கேட்பது

கேட்காதீர்கள். 12 பேர் படிக்கும் முதுகலை வகுப்பில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே கூகுள் படிவம் நல்லது, ஆனால் மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதை அணைத்த பிறகே லிங்க்கை அனுப்புங்கள்.