நண்பரின் உறவினருக்கு ஜாமீன் கையெழுத்து: மறுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

"ஒரே ஒரு கையெழுத்துதானே, மத்ததெல்லாம் அவன் பார்த்துப்பான்." நண்பர் தன் சித்தப்பா மகனின் வாடகை வீட்டுக்காக இப்படிக் கேட்கிறார். இங்கே பலரும் செய்யும் முதல் தவறு, அந்தத் தாளைப் பார்க்காமலேயே பதில் சொல்வது. வாடகை ஒப்பந்தத்தில் வேறொருவர் கையெழுத்துப் போடுவது பொதுவாக மூன்று வகை. சாட்சி என்றால், இன்னார் என் கண்முன் கையெழுத்திட்டார் என்பதற்கு மேல் பொருளில்லை. வாடகைப் பாக்கிக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. ஜாமீன்தாரர் என்றால், வாடகைக்கு இருப்பவர் கொடுக்கத் தவறியதை நீங்கள் கொடுக்க வேண்டும். கூட்டு வாடகைதாரர் என்றால், ஒரு நாள்கூட அங்கே தங்காவிட்டாலும் காகிதத்தில் நீங்களும் குடியிருப்பவர்தான். எனவே "நகலை அனுப்பு, என் பேர் எங்கே வருதுன்னு பார்க்கிறேன்" என்று கேளுங்கள். சாட்சி மட்டும்தான் என்றால் தயங்க அவ்வளவாக ஒன்றுமில்லை.

மற்ற இரண்டில் ஒன்று என்றால் மறுக்க வேண்டியதுதான். அப்போது வரும் தவறு, ஆளைப் பற்றிப் பேசுவது. "அவரை எனக்குத் தெரியாதே" என்றால், "என்னைத் தெரியும்ல?" என்று நண்பர் கேட்பார். அப்புறம் பேச்சு முழுக்க நம்பிக்கையைப் பற்றித்தான் போகும். ஆளை விட்டுவிட்டுத் தாளைப் பற்றிப் பேசுங்கள்.

தாளில் தேட வேண்டியது 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்ற வரி. ஆளுக்குப் பாதி என்று பலர் இதை வாசிக்கிறார்கள். உண்மையில், வீட்டு உரிமையாளர் மொத்தப் பாக்கியையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம் என்பதே இதன் பொருள். சுலபமாகக் கையில் கிடைப்பவரிடம்தான் அவர் வருவார். நிலையான சம்பளமும் மாறாத முகவரியும் உள்ள நீங்கள்தான் அது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒப்பந்தம் 12 மாதம், முன்பணம் 2 மாத வாடகை. ஏழாம் மாதத்தோடு அந்த உறவினருக்கு வேலை போகிறது. எட்டிலிருந்து பதினொன்று வரை 4 மாத வாடகை நிற்கிறது; பிறகுதான் வீட்டைக் காலி செய்கிறார். சுவர், குழாய், கதவு பழுது என்று இன்னொரு மாத வாடகை அளவுக்குச் செலவு. மொத்தம் 5, முன்பணம் 2 போக மீதி 3 மாத வாடகை உங்கள் தலையில். வழக்குச் செலவும் வட்டியும் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அவையும் சேரும். கட்டிய பணத்தை அவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்குப் பொதுவாக உண்டு. ஆனால் வாடகையே கட்ட முடியாதவரிடம் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொரு வரியும் முக்கியம்: 'புதுப்பிக்கப்படும் காலத்துக்கும் பொருந்தும்'. அது இருந்தால், ஒரு வருடத்துக்கென்று போட்ட கையெழுத்து அடுத்த வருடமும், உயர்த்திய வாடகைக்கும் தொடரக்கூடும். நடுவில் "நான் விலகிக்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் செல்லாது. உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். ஜாமீன்தாரராக இருந்தால் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரமும் உங்களுக்கு இல்லை. பொறுப்பு உண்டு, சாவி இல்லை.

அடுத்தது, இழுத்தடிப்பது. 'பார்க்கலாம்' என்பதை நண்பர் 'சரி' என்றே எடுத்துக்கொள்வார். அதை நம்பி அந்தப் பையன் முன்பணம் கட்டி, சாமான்களையும் மூட்டை கட்டிவிட்டால், கடைசி நாளில் நீங்கள் சொல்லும் மறுப்பு அவரைத் தெருவில் நிறுத்தும். "வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க" என்ற சாக்கும் உதவாது. "நான் வந்து பேசறேன்" என்று கிளம்பி வந்துவிடுவார். ஓரிரு நாளுக்குள் இப்படிச் சொல்லிவிடலாம்:

"ஒப்பந்தத்தைப் படிச்சேன். வாடகை நின்னா முழுசும் என்கிட்ட கேட்கலாம்னு அதுல இருக்கு. உன் தம்பி நல்லவர்தான், ஆனா வேலை போறது யார் கையிலயும் இல்லை. அப்படி ஒரு பாக்கி வந்தா என்னால சமாளிக்க முடியாது, அதனால நான் கையெழுத்துப் போடலை. வேற வழி என்ன இருக்குன்னு சேர்ந்து பார்ப்போம்."

வேறு வழி இல்லாமல் இல்லை. நண்பரே கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்கலாம். அவர் வருமானம் போதாது என்று உரிமையாளர் ஏற்கெனவே சொல்லியிருக்கவும் கூடும், அதனால் மெல்லக் கேளுங்கள். சட்டம் இடம் கொடுக்கும் ஊர்களில் முன்பணத்தைக் கூட்டிக் கொடுக்க உரிமையாளரிடம் பேசலாம். அதற்குக் கொஞ்சம் பணம் குறைகிறது என்றால், முடிந்ததைக் கடனாகக் கொடுங்கள். அதில் போனால் எவ்வளவு போகும் என்பது கொடுக்கும் அன்றைக்கே தெரியும்.