கிரீம் நிற கார்டிகனும் மெரூன் சுங்குடியும்: இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்கள் துணி வாங்குவதற்கு முன்

இ-விசா கணக்கு, வங்கிக் கணக்கு, மருத்துவரிடம் பதிவு, கவுன்சில் வரி விலக்குக்கான கடிதம் ஆகியவற்றைப் பற்றிப் பலர் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். வந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் அவற்றை முடித்துவிடுங்கள். எவரும் எனக்குச் சொல்லாமல் விட்டதும், பகுதி நேர வேலையில் சம்பாதித்த 83 பவுண்டை என்னிடமிருந்து பறித்ததும் வேறொரு விஷயம். ஊரிலிருந்து கொண்டுவந்த உடைகளோடு சேரும்படி இங்கே எந்த நிறத்தில், எந்த நூலில், எந்த நீளத்தில் மேலாடை வாங்குவது என்பதே அது.

நான் செப்டம்பர் மாதத்தில் லீட்ஸ் நகருக்கு வந்தேன். பெட்டியில் பதினோரு குர்திகள், மூன்று கறுப்பு லெக்கிங்ஸ், இரண்டு ஜீன்ஸ் இருந்தன. மெரூன் சுங்குடி, கடுகு மஞ்சள், பாட்டில் பச்சை, ராணி பிங்க், மயில் கழுத்து நீலம் எனக் குர்திகள் ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லாதவை. எல்லாவற்றோடும் சேரக்கூடிய ஒரே நிறம் கிரீம்தான் என்று எண்ணி, தள்ளுபடியில் இருந்த கம்பளி கார்டிகன் ஒன்றை 38 பவுண்டுக்கு வாங்கினேன். நிறத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தவறில்லை; பதினொன்றோடும் அது அழகாகவே சேர்ந்தது. அக்டோபரில் ஒருநாள் அதை மெரூன் சுங்குடியின் மேல் அணிந்து, முதுகுப் பையை மாட்டிக்கொண்டு, குடையை மதிக்காத அந்தப் பக்கவாட்டுத் தூறலில் இருபது நிமிடம் நடந்தேன். அறைக்கு வந்து கழற்றியபோது, பையின் பட்டைகள் அழுத்திய இரு தோள்களிலும் அக்குளிலும் ரோஜா நிறத்தில் சாயம் இறங்கியிருந்தது. இடது தோளில் பட்டையின் அகலமே அளவெடுத்தாற்போல் பதிந்திருந்தது.

ஊரில் நமக்குத் துணி சாயம் போவது தெரியாததல்ல. முதல் சலவையில் தனியாக நனைப்போம், வாளியில் நீர் சிவப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவோம். ஆனால் அங்கே குர்திதான் வெளியாடை. அதன் மேல் இன்னொரு துணி எட்டு மணி நேரம் உரசிக்கொண்டிருப்பதில்லை. இங்கே ஆண்டில் ஏழெட்டு மாதங்கள் உரசுகிறது, அதுவும் ஈரத்தோடு. சாயம் நீரில் கரைந்து போவது ஒன்று, உரசலில் ஒட்டிக்கொள்வது வேறொன்று. துவைக்கும்போது நிறம் விடாத துணிகூட, ஈரமான உரசலில் விடுவதுண்டு. அடர்சிவப்பு, இண்டிகோ நீலம், கறுப்பு ஆகிய மூன்றும் இதில் மோசமானவை. என் பெட்டியில் மூன்றும் இருந்தன.

எனவே கடைக்குப் போவதற்கு முன், முடிந்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே, ஒரு வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு குர்தியின் உள்பக்கத் தையல் ஓரத்திலும் அழுத்திப் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். எனது பதினொன்றில் நான்கு கைக்குட்டையில் நிறம் விட்டன. கல் உப்பில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். இரண்டு முறை செய்தும் நிற்கவில்லை. உப்பு சாயம் ஏற்றும்போது துணை செய்யும் பொருளே தவிர, ஏறி முடிந்த சாயத்தைப் பூட்டும் பொருள் அன்று. குளிர்ந்த நீரில் நான்கைந்து முறை தனியாக அலசி, ஒட்டாமல் நிற்கும் சாயத்தை வெளியேற்றினால் ஓரளவு குறைகிறது. சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் சாயம் உறிஞ்சும் தாள்கள் சலவை இயந்திரத்துக்குள் உதவும். தோள்பட்டை உரசலுக்கு உதவா.

இதில் மேலாடையின் நூலும் முக்கியம். பருத்திக்கு ஏற்றப்படும் சாயங்கள் கம்பளி, நைலான், பருத்தி ஆகியவற்றில் எளிதாகப் பற்றிக்கொள்கின்றன. அக்ரிலிக்கிலும் பாலியெஸ்டரிலும் அவ்வளவாகப் பற்றுவதில்லை. நான் வாங்கியது கம்பளியும் நைலானும் கலந்தது, அதாவது பிறர் சாயத்தை வாங்கிக்கொள்வதற்கென்றே நெய்தது போன்ற கலவை. வெளிர்நிறம்தான் வேண்டும் என்றால் உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படித்து அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுங்கள். அது கம்பளியளவு கதகதப்பாக இராது, சில மாதங்களில் உருண்டை உருண்டையாக நூல் திரளும். ஆனால் சட்டையின் சாயத்தைக் குடிக்காது. கறை போக்குவதற்காகக் குளோரின் ப்ளீச்சைக் கம்பளியின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். நான் உள்மடிப்பில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். ரோஜா நிறம் போகவில்லை, கம்பளி மஞ்சளாகி மொடமொடத்தது.

அடுத்து நிறம். நம் ஊரில் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்சிங் சென்டருக்குப் போய், பத்து ரவிக்கைத் துணிகளை இறக்கச் சொல்லி, கடைசியில் ஒன்றைத் தெருவுக்கே கொண்டுவந்து வெயிலில் பார்த்து வாங்குகிறோம். இங்கே வந்ததும் அந்தப் பழக்கத்தை ஏனோ வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். அங்கே ஒன்றுக்கு ஒன்று பொருத்துகிறோம். இங்கே ஒரே துணி பதினொன்றுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் அந்தப் பழக்கம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. குர்திகளைக் கட்டிலில் வரிசையாகப் பரப்பி, தோழிகளிடம் கருநீலம், கறுப்பு, அடர்சாம்பல் ஆடைகளை ஒவ்வொன்றாக இரவல் வாங்கி மேலே போட்டு எண்ணினேன். சாம்பல் ஏழுக்குச் சேர்ந்தது. கடுகு மஞ்சளையும் ஆரஞ்சையும் அது சோர்ந்துபோகச் செய்தது. கறுப்பு பத்துக்குச் சேர்ந்தது. கருநீலம் ஒன்பதுக்குச் சேர்ந்தது. சேராதவை இண்டிகோ அச்சுக் குர்தியும் கறுப்புத் தளக் குர்தியும்தான். நிறம் தூரமாக இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை. மிக அருகில் வந்து தவறினால்தான், பொருத்த முயன்று தோற்றதுபோல் தெரிகிறது.

எண்ணிக்கையில் கறுப்பு முந்தினாலும் நான் கருநீலத்தையே எடுத்தேன். கறுப்பு மேலாடையையும் கறுப்பு லெக்கிங்ஸையும் சேர்த்துப் போட்டால் இரண்டு கறுப்புகளும் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும், இருப்பதில்லை. பருத்தி லெக்கிங்ஸ் பத்துச் சலவையில் சாம்பல் பூத்துவிடும். கருநீலம் வேறு நிறம்; அதற்கும் லெக்கிங்ஸுக்கும் நடுவில் குர்தியின் நிறமும் ஓர் அடிக்காவது தெரிவதால் அங்கே அந்தச் சண்டை வருவதில்லை. இது என் பெட்டியின் கணக்கு. உங்களிடம் நீலக் குர்திகள் மிகுதி என்றால் விடை மாறும், எண்ணிப் பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள்.

கடையில் இன்னொரு குழி இருக்கிறது. மஞ்சள் கலந்த விளக்கில் நீல ஒளி குறைவு என்பதால் கருநீலம் கறுப்பாகத் தெரியும். டிசம்பரில் இங்கே நான்கு மணிக்குள் இருட்டிவிடுகிறது. வகுப்பு முடிந்து போனால் வெளியே வந்து பார்ப்பதற்கும் பகல் வெளிச்சம் மிஞ்சாது. எங்கள் வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா முதல் வாரமே சொன்னார்: "கடை வெளிச்சத்தை நம்பாதேங்கோ, வாசலடிக்குக் கொண்டுவந்து பாருங்கோ." சனிக்கிழமை காலையில் போங்கள், குர்தியின் துப்பட்டாவையோ, உள்மடிப்பில் வெட்டிய இரண்டு விரல் அகலத் துண்டையோ கைப்பையில் வைத்திருங்கள். காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவருகே நின்று பார்த்தால் எவரும் தடுப்பதில்லை.

கோட்டில் நான் இழந்தது 45 பவுண்டு. இடுப்பளவு நின்ற பஃபர் கோட் அது, நிறமும் கறுப்புதான். என் குர்திகள் நாற்பத்து நான்கு அங்குலம். கோட்டுக்குக் கீழே தொங்கிய ஒன்றரை அடித் துணி மழையில் நனைந்து கால்களில் சுற்றிக்கொண்டது; காற்றடித்தால் பாவாடையாகப் பறந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, தள்ளுபடிப் பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். எனக்கு எரிச்சல் வந்தாலும் சட்டம் அவர்கள் பக்கமே இருக்கிறது. கடையில் நேரில் வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் 30 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மனம் மாறியதற்காகக் கேட்க உரிமை இல்லை, கடையாகப் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. இணையத்தில் வாங்கினால், தனி அளவில் தைத்தவை போன்ற சில விலக்குகள் தவிர, பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று தெரிவிக்கலாம். சீட்டைக் கிழிக்காமல் வீட்டில் குர்திகளின் மேல் போட்டுப் பார்க்கவும் அது வசதி.

ஆகவே கோட்டுக்கு நீளம் முதலில், உள்துணி அடுத்து, வெளிநிறம் கடைசி. தோளிலிருந்து முழங்கால் வரை அளந்துகொள்ளுங்கள். எனக்கு முப்பத்தெட்டு அங்குலம் வந்தது. உள்துணி வெளிர் சாம்பலாக இருந்தால் மெரூன் சுங்குடி அங்கேயும் தன் கையெழுத்தைப் போடும். குர்திக்கு மேல் கார்டிகனும் போட்டுக்கொண்டே கோட்டை அணிந்து, இரு கைகளையும் முன்னால் நீட்டிப் பாருங்கள். முதுகு இழுத்தால் ஓர் அளவு பெரியதை எடுங்கள். இத்தகைய நீளக் கோட்டுகள் புதிதாக விலை கூடுதல், ஆனால் பிறர் நன்கொடையாகக் கொடுத்த பழைய துணிகளை விற்கும் சேரிட்டி ஷாப்புகளில் அடிக்கடி கிடைக்கின்றன. நான் அங்கே கருநீலக் கோட்டை 24 பவுண்டுக்கு எடுத்தேன். ஒரு பொத்தான் மட்டும் வேறாக இருந்தது. இன்னும் ஊரில் இருப்பவர்கள் தெருமுனைத் தையல்காரரிடம் நான்கு குர்திகளையாவது இடுப்பளவுக்குக் குறைத்துக்கொண்டு வாருங்கள். இங்கே அந்த வேலைக்குக் கேட்கும் கூலியில் புதிய குர்தியே வாங்கலாம்.

கோட்டோடு சேர்த்து, கருநீல அக்ரிலிக் கார்டிகன் 16, பாலியெஸ்டர் கலந்த கறுப்புக் கால்சட்டை 15, கழுத்து இறங்கிய இரண்டு உள் தெர்மல்கள் 16 என மொத்தம் 71 பவுண்டு ஆனது. கால்சட்டை உணவக வேலைக்கும் ஆயிற்று. தெர்மலின் கழுத்து மேலேறி இருந்தால் குர்தியின் கழுத்துக்கு வெளியே தெரியும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பிழைகளுக்கு நான் கொடுத்ததைவிட முழு உடைத் தொகுதியும் மலிவு என்பதை ரசீதுகளைக் கூட்டிய அன்று என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கிரீம் கார்டிகனைத் தூக்கி எறிய மனம் வராமல், கம்பளிக்கும் ஏற்ற கருநீலச் சாயப் பொட்டலம் ஒன்றை வாங்கி, குளியலறை வாளியில் வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுத்தேன். சாயம் நன்றாகவே ஏறியது, ரோஜாத் தோள்கள் மறைந்தன. பொத்தான் துளைகளைச் சுற்றிய தையல் மட்டும் பாலியெஸ்டர் நூல் போலும். அது சாயத்தைத் தொடாமல் கிரீம் நிறத்திலேயே நிற்கிறது. வேண்டுமென்றே அப்படித் தைத்ததா என்று வகுப்பில் இருவர் கேட்டார்கள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.